பகுதி எண் இல்லாத நோட்டீஸ்

போன வருடம் மே மாதம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், மதுரையில் டியூஷன் நடத்தும் பெரியம்மா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பிட் நோட்டீஸின் புரூஃப். சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மூலையில் கையில் சுருட்டிய காகிதத்தோடு தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன். கீழே ஒரு வரிச் செய்தி: “தம்பி, ஸ்பெல்லிங் மிஸ்டேக் மட்டும் பாத்துச் சொல்லு. நாளைக்குப் பிரிண்டுக்குப் போகுது.”

நோட்டீஸில் இருந்தது இவ்வளவுதான்:

“மதுரையின் நம்பர் 1 டியூஷன் சென்டர்! 100% தேர்ச்சி உறுதி! கணக்கில் சென்டம்! 20 ஆண்டு அனுபவமிக்க ஆசிரியர்கள்! ஒவ்வொரு மாணவருக்கும் தனிக்கவனம்! சுமாராகப் படிக்கும் மாணவர்களும் சாதனையாளர்களாக மாற்றப்படுவர்! குறைந்த கட்டணம்! சில இடங்களே உள்ளன, முந்துங்கள்!”

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. இந்த வாசகங்களை முப்பது வருடமாக டைப் செய்து தமிழ்நாட்டு அச்சகங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். பெயரையும் போன் நம்பரையும் மாற்றினால் எந்த ஊருக்கும், எந்தத் தெருவுக்கும், எந்த சென்டருக்கும் பொருந்தும். என் பிரச்சினையே அதுதான். ஊரில் எல்லாருக்கும் பொருந்தும் ஒரு வாக்கியம் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும். யாரும் இதை நம்பிக்கிட்டு வர்றதில்ல. பேரு கண்ணுல படணும், அவ்வளவுதான்.” அக்காவும் இதைத்தான் சொன்னாள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. நோட்டீஸைக் கழித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் அப்பா அப்படிப் படிப்பார். அவருக்கு அதே பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் இருந்தார், எந்த வாத்தியார் ஒழுங்காக எடுப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தது. வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது எழுதப்போகிற பிள்ளையின் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? பேப்பருக்குள்ளிருந்து விழுந்த நோட்டீஸை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறவர் அவர்தான். “உறுதி” என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன அர்த்தமோ அதே அர்த்தத்தில் அதைப் படிப்பவரும் அவர்தான். விவரம் தெரிந்தவனுக்கு இந்தப் பொய்யால் பைசா நஷ்டமில்லை. விவரம் தெரியாதவர்தான் இதற்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்.

போன் பண்ணினேன். “அக்கா, உறுதின்னு போட்டிருக்கியே, ஒருத்தன் பெயிலானா ஃபீஸைத் திருப்பிக் குடுப்பியா?”

“லூசாடா நீ?”

“அப்ப எதுக்கு உறுதி?”

“எல்லாரும் போடுறாங்கடா. நான் போடலைன்னா எனக்கு நம்பிக்கை இல்லைன்னு நினைப்பாங்க.”

அவள் மேல் தப்பில்லை. பக்கத்துத் தெரு சென்டர் 100% என்று போடும்போது இவள் 95% என்று போட்டால் தோற்றுத்தான் போவாள். அவள் ஓடும் பந்தயத்தின் விதி அது. அந்த வார இறுதியில் எப்படியும் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. பிரிண்டை நாலு நாள் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு மாடியில், அந்த ஒற்றை ஹாலில், வருகைப் பதிவு நோட்டும் டெஸ்ட் மார்க் எழுதிய லாங் சைஸ் நோட்டும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் அந்த 100%. அது பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. அவளிடம் படித்துப் பொதுத்தேர்வு எழுதிய 19 பேரும் பாஸ். ஆனால் 2025-இல் பத்தாம் வகுப்பில் மாநிலம் முழுக்கத் தேர்ச்சி 93.80%. அதற்கு முந்தைய வருடம் 91.55%. பாஸ் மார்க் 35. டியூஷனுக்கே போகாத பிள்ளைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கால்குலேட்டரில் 0.938-ஐ 19 தடவை பெருக்கிப் பார்த்தேன். சுமார் 0.30 வந்தது. அதாவது தெருவில் போகிற 19 பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, மாடியில் உட்கார வைத்து, வருடம் முழுக்க ஒன்றுமே சொல்லிக்கொடுக்காமல் விட்டாலும், “100% தேர்ச்சி” என்று நோட்டீஸ் அடிக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு இருக்கிறது. பத்துப் பேர் மட்டும் இருந்தால் பாதிக்கு மேல். சென்டர் சின்னதாக இருக்க இருக்க இந்தச் சாதனை சுலபமாகிறது. இது முரட்டுக் கணக்குதான், ஒவ்வொரு பிள்ளையும் சராசரிப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டு போட்டது. ஆனால் காசு கொடுத்து டியூஷனுக்கு அனுப்பும் வீட்டுப் பிள்ளை பாஸாகும் வாய்ப்பு சராசரியைவிடக் கூடத்தான் இருக்கும். அதனால் உண்மையான எண் இன்னும் மோசம்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒன் நிகழ்தகவா வந்து இதுகளுக்குக் காம்பஸ் பிடிக்கச் சொல்லிக் குடுத்துச்சு?”

நியாயமான கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்து “கணக்கில் சென்டம்”. ஒரு பெண் நூற்றுக்கு நூறு. புரூஃபில் அவள் படத்துக்கும் இடம் விட்டிருந்தார்கள். மார்க் நோட்டில் அவள் பெயரைத் தேடினேன். ஜூனில் இல்லை, காலாண்டில் இல்லை. டிசம்பரில், அரையாண்டு முடிந்தபிறகு கடைசி வரியில் வேறு பேனாவில் எழுதியிருந்தது. அரையாண்டில் பள்ளிக்கூடத்திலேயே 96. வீட்டில் சத்தமாக இருக்கிறது, உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்று சேர்ந்த பெண். இரண்டரை மாதம் வந்தாள். அந்த நூறில் அக்காவின் பங்கு அதிகபட்சம் நாலு மார்க், அதுவும் சந்தேகம்தான்.

2017-இலிருந்து தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மீதான அழுத்தம் குறையட்டும் என்றுதான் செய்தார்கள். ரேங்க் செத்துப்போகவில்லை, பிட் நோட்டீஸுக்கும் ஃபிளெக்ஸுக்கும் குடிபெயர்ந்தது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. வெற்றிபெற்ற மாணவரின் பெயரையோ படத்தையோ போட வேண்டுமென்றால், ரிசல்ட் வந்தபிறகு அவரிடம் எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அவர் எந்த வகுப்பில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் அது ஐம்பது மாணவர்களுக்கு மேல் உள்ள சென்டர்களுக்கு. அக்காவிடம் எல்லா வகுப்பும் சேர்த்து 46 பேர். தமிழ்நாட்டில் மாடியில், வராந்தாவில், கார் நிறுத்துகிற இடத்தில் நடக்கிற டியூஷன்கள் பலவற்றை அந்த விதி எட்டிப்பார்க்காது. “காலம்” என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாலே அக்காவின் சென்டம் இப்படி ஆகும்: “டிசம்பரில் சேர்ந்த ஒரு மாணவி, கணக்கில் 100.” இதை யார் அச்சடிப்பார்கள்? எடுத்துவிட்டோம். அந்தப் பெண்ணின் வீட்டில் படத்துக்கு யாரும் அனுமதி கேட்டிருக்கவும் இல்லை.

இப்போது ஆள் கணக்கு. வருகைப் பதிவில் ஜூன் மாதம் 24 பெயர். பொதுத்தேர்வு எழுதியது 19. டிசம்பரில் வந்த அந்தப் பெண்ணைக் கழித்தால் 18. ஆக, ஆறு பேர் இடையில் நின்றிருக்கிறார்கள். அந்த ஆறு பேர் எந்த நோட்டீஸிலும் வரமாட்டார்கள். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். டியூஷன் நோட்டீஸ் தொகுதியை மட்டும் அச்சடிக்கும். “எங்களிடம் 40 பேர் 90-க்கு மேல்” என்றால், எத்தனை பேரில்? சேர்ந்தவர்களிலா, தேர்வு எழுதினவர்களிலா?

“இந்த ஆறு பேரு எங்க போனாங்க?”

ஒரு பையனின் அப்பாவுக்குத் திருப்பூருக்கு மாற்றல். இரண்டு பேருக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை. இரண்டு பேர் வேறு சென்டருக்குப் போனார்கள், காரணம் சொல்லவில்லை. ஆறாவது பெயரில் அக்காவின் விரல் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“அவனை நான்தான்டா போகச் சொன்னேன்.”

காலாண்டில் கணக்கில் 11. அறிவியலில் 19. நவம்பரில் அவன் அம்மாவைக் கூப்பிட்டு, “இங்க வேகமாப் போயிருச்சு, உங்க பையனுக்கு வேற இடம் பாத்துக்கங்க, அவனுக்கு நல்லது” என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா சரிங்க மிஸ் என்று சொல்லிவிட்டு, அந்த மாதப் பாக்கிப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருத்தன் பெயிலானால் அடுத்த வருட நோட்டீஸில் 100% போட முடியாது. இத்தனை வருடமாக அச்சடித்துக்கொண்டிருந்த அந்த எண்ணைக் காப்பாற்ற, டியூஷன் யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பையனை வெளியே அனுப்பினாள். “அவன் என்ன ஆனான்?” என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

என் சண்டை இங்கேதான். ஊதிய விளம்பரத்தை நாம் படிக்கிறவருக்கு எதிரான ஏமாற்று என்று மட்டுமே நினைக்கிறோம். எழுதுகிறவரையும் அது பிடித்து ஆட்டுகிறது. 100% என்று எழுதிவிட்டால் அதை நிறைவேற்ற இரண்டு வழி இருக்கிறது. எல்லாரையும் பாஸாக்கலாம், அல்லது பாஸாகாதவனை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டாவது சுலபம். என் அக்கா கெட்டவள் இல்லை. ஃபீஸ் கட்டாத பிள்ளையை இரண்டு மாதம் வரை சும்மா உட்கார வைக்கிறவள். அவளையே அந்த ஒற்றை வரி இப்படிச் செய்ய வைத்தது.

இதில் நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் “10 மடங்கு வேகம்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். எதைவிடப் பத்து மடங்கு? எங்களுடைய முந்தைய வெர்ஷனைவிட, நாங்களே தேர்ந்தெடுத்த ஒரே ஒரு சோதனையில். எழுதும்போது கை கூசவில்லை. ஒரு வித்தியாசம், எங்கள் வரியால் எந்தப் பையனும் படியிறங்கிப் போகவில்லை.

“20 ஆண்டு அனுபவமிக்க ஆசிரியர்கள்” என்பது எப்படி வந்தது என்று கேட்டேன். அக்காவுக்கு 11 வருடம். அறிவியல் எடுக்கும் மிஸ்ஸுக்கு 4 வருடம். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு 5. மூன்றையும் கூட்டினால் இருபது. நான் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டாள். இந்தக் கூட்டலின்படி எங்கள் பேருந்து நிலையத்து டீக்கடைக்கு நூறு வருட அனுபவம்.

“தனிக்கவனம்” அதைவிடப் பெரிய கூத்து. மாலை ஆறு முதல் ஏழரை வரை 90 நிமிடம். 24 பேர். பாடமே நடத்தாமல் முழு நேரமும் ஒவ்வொருவராகப் பார்த்தாலும் ஆளுக்கு 3 நிமிடம் 45 வினாடி. ஆனால் இங்கே அவளிடம் உண்மையான விஷயம் ஒன்று இருந்தது, அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை காலையில் டெஸ்ட். அந்தப் பேப்பர்களை ஞாயிற்றுக்கிழமையே திருத்துவாள். திங்கட்கிழமை வகுப்பு முழுக்கப் புதுப்பாடம் கிடையாது, தப்புப் போட்டவர்கள் தப்புப் போட்ட கணக்கை அவள் முன்னால் மறுபடி போட வேண்டும். பதினோரு வருடமாக இதைச் செய்கிறாள். நோட்டீஸில் ஒரு சொல் இல்லை. “இதெல்லாமா போடுவாங்க?” என்றாள். கண்ணால் பார்க்க முடிகிற, வந்து சரிபார்க்க முடிகிற ஒரே விஷயம் அதுதான். “தனிக்கவனம்” என்றால் அம்மா தலையாட்டுவார், அவ்வளவுதான். “திங்கட்கிழமை திருத்திய தாள் கைக்கு வரும்” என்றால் அடுத்த திங்கட்கிழமை பையைத் திறந்து பார்ப்பார். தாள் இல்லையென்றால் போன் பண்ணுவார். அக்காவுக்கு அதில் ஒரு பயம் வந்தது. அந்தப் பயம் வரும் வரியைத்தான் போட வேண்டும் என்றேன். தப்பாகிப்போக வாய்ப்பே இல்லாத வரியைச் சொல்லி ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

சரி, காம்பஸுக்கு வருவோம். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளின் கடைசியில் இரண்டு எட்டு மார்க் கேள்விகள் உண்டு. ஒன்று செய்முறை வடிவியல்: வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, இப்படி ஏதாவது வரைய வேண்டும். இன்னொன்று வரைபடம். இரண்டிலும் “அல்லது” இருக்கும். மொத்தம் 16 மார்க். முன்னால் ஒரு மார்க் கேள்விகள் 14. இரண்டையும் சேர்த்தால் 30, பாஸுக்கு இன்னும் ஐந்துதான் வேண்டும். தேற்றமும் இயற்கணிதமும் பிடிபடாத பிள்ளைகூட காம்பஸை அசையாமல் பிடித்து, உதவிப்படம் போட்டு, படிகளை வரிசையாகச் செய்தால் எட்டு மார்க் வாங்கிவிடும். கணக்கு வாத்தியார்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் பல இடங்களில் இதை ஜனவரிக்கு மேல் அவசர அவசரமாக நடத்துவார்கள். அக்கா ஜூன் முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை டெஸ்டிலும் ஒரு வடிவியல், ஒரு வரைபடம் வைக்கிறாள். ஜூனில் 24 பேரில் 3 பேர் முழுதாக வரைந்தார்கள். ஜனவரி கடைசி டெஸ்டில் 19 பேரில் 16 பேர்.

“இதைப் போடலாமாடா? ஜூன்ல 3, ஜனவரியில 16?”

நான் தயங்கினேன். இடையில் பள்ளிக்கூடத்திலும் அதே பாடத்தை நடத்தியிருப்பார்கள். ஜூனில் எண்ணிய ஆட்களும் ஜனவரியில் எண்ணிய ஆட்களும் ஒன்றில்லை. “3-லிருந்து 16” என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் முழு வித்தியாசமும் நீ செய்தது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். ஜனவரியை மட்டும் போடு, தாள்கள் இருக்கிறது வந்து பாருங்கள் என்று போடு என்றேன். ஊதிச் சொல்வதை நிறுத்திய சிலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். எண்ணைப் போட்டுவிட்டால் நேர்மையாகிவிட்டது என்று ஒரு நினைப்பு. 97.3% என்று புள்ளி வைத்து எழுதினால் இன்னும் நம்பும்படி இருக்கும், பொய்யாகவும் இருக்கலாம்.

கடைசிச் சண்டை, கணக்கு மார்க் பற்றி. 19 பேரில் 80-க்கு மேல் 4 பேர், 60-க்கும் 80-க்கும் நடுவில் 6 பேர், 60-க்குக் கீழே 9 பேர். “பாதிப் பேரு அறுபதுக்குக் கீழன்னு நானே அடிச்சுக் குடுத்தா எவன்டா வருவான்?” என்று அக்கா நோட்டை மூடிவிட்டாள்.

நான் நோட்டைத் திறந்து அந்த ஒன்பது பேரின் காலாண்டு மார்க்கைக் காட்டினேன். அதில் 6 பேர் காலாண்டில் 35-க்குக் கீழே எடுத்தவர்கள். ஏழாவதாக இருந்தவன்தான் போகச் சொல்லப்பட்ட பையன். நோட்டீஸில் தேட வேண்டிய ஆள் யார்? 95 எடுக்கும் பிள்ளையின் வீட்டார் வரமாட்டார்கள், அவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. கணக்கில் 28 எடுத்துவிட்டு மார்க் ஷீட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளையின் வீட்டார் வருவார்கள். “சாதனையாளர்” என்ற சொல்லைப் பார்த்து இது நமக்கான இடம் இல்லை என்று அவர்கள் தள்ளிப் போவார்கள். “காலாண்டில் 35-க்குக் கீழே” என்ற வரியில்தான் அவர்கள் கண் நிற்கும். அந்த ஆறு பேரும் அக்காவால்தான் பாஸானார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அவளாலும் முடியாது. அதனால் “எங்களால்” என்ற சொல்லைப் போடவில்லை. நடந்ததை மட்டும் போட்டோம்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் எழுத்து வேலையே இல்லை. 20 இடம் என்று அச்சடித்தால் இருபத்தோராவது ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம், போன வருடம் சேர்த்ததைவிட நாலு பேர் குறைவு என்றால் மாதம் நாலாயிரம் போகிறது. நான் 18 என்றேன். அவள், “உன் சம்பளத்துல இருந்து குடு” என்றாள். 20-இல் நின்றோம்.

கடைசியில் பிரிண்டுக்குப் போனது இது:

“10-ஆம் வகுப்பு, கணக்கு மற்றும் அறிவியல். தமிழ் வழி, ஆங்கில வழி. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 7.30. மொத்தம் 20 இடங்கள்.

கணக்கு ஆசிரியைக்கு 11 ஆண்டு அனுபவம். அறிவியல் ஆசிரியைக்கு 4 ஆண்டு.

சென்ற ஆண்டு ஜூனில் 24 பேர் சேர்ந்தார்கள். 6 பேர் இடையில் நின்றார்கள், டிசம்பரில் ஒருவர் சேர்ந்தார். பொதுத்தேர்வு எழுதிய 19 பேரும் தேர்ச்சி. கணக்கில் 80-க்கு மேல் 4 பேர், 60 முதல் 79 வரை 6 பேர், 35 முதல் 59 வரை 9 பேர்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் 35-க்குக் கீழ் எடுத்தவர்கள் 7 பேர். ஒருவர் இடையில் நின்றார். மற்ற 6 பேரும் பொதுத்தேர்வில் தேர்ச்சி.

ஜூன் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் தேர்வு. அதில் ஒரு வடிவியல், ஒரு வரைபடம் கட்டாயம் (பொதுத்தேர்வில் 16 மதிப்பெண்). ஜனவரித் தேர்வில் 19 பேரில் 16 பேர் வடிவியலை முழுமையாக வரைந்தார்கள். விடைத்தாள்களை நேரில் பார்க்கலாம்.

திருத்திய தாள் திங்கட்கிழமை பிள்ளையின் கையில் இருக்கும். இல்லையென்றால் போன் செய்யுங்கள்.

மதிப்பெண் குறைவு என்பதற்காக யாரையும் பாதியில் நிற்கச் சொல்ல மாட்டோம்.

கட்டணம் மாதம் 1,000 ரூபாய். முதல் வாரம் வந்து பார்த்தபிறகு கட்டினால் போதும். நீட், ஜேஇஇ பயிற்சி இங்கு இல்லை.”

அச்சகத்துக்காரர் படித்துவிட்டு, “என்ன மேடம், கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்றாராம். சிவப்புப் பின்னணியை விட்டால் இவ்வளவு எழுத்து தெரியாது என்று வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு மாறினார்கள். தொப்பிப் பையன் போய்விட்டான். ஆயிரம் பிரதி, இரண்டு ஏஜென்ட் மூலமாகப் பேப்பருக்குள்.

முதல் வாரத்தில் 9 போன் வந்தது. போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போன வருடம் எத்தனை வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் தெரியாது. இந்த முறை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கேள்விகள் மாறிவிட்டன என்றாள் அக்கா. முன்பெல்லாம் “ஃபீஸ் எவ்வளவு, குறைப்பீங்களா” என்பதோடு பேச்சு முடியும். இப்போது இரண்டு பேர் ஜனவரித் தாளைப் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். ஒரு அம்மா எல்லாத் தாளையும் பார்த்துவிட்டு, சரியாக வரையாத மூன்று பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்.

ஒன்பதாவது போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பின்னால் இன்ஜின் சத்தம்.

“மேடம், ஆறு பேர் நின்னுட்டாங்கன்னு நீங்களே போட்டிருக்கீங்க. ஏன் நின்னாங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாற்றல், ஃபீஸ், வேறு சென்டர். ஆறாவதற்கு வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. “ஒரு பையனை நானே போகச் சொன்னேண்ணே. மார்க் கம்மின்னு. அது தப்பு.”

அந்தப் பக்கம் இன்ஜின் நின்றது.

“எம் பையன் ஒம்பதாவது முழுப்பரீட்சையில கணக்குல இருபத்தெட்டு. அனுப்பிருவீங்களா?”

“நோட்டீஸ் கையில இருக்காண்ணே? கட்டணத்துக்கு மேல இருக்கிற வரியப் படிங்க.”

அவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். முடித்துவிட்டு, சனிக்கிழமை டெஸ்ட் எத்தனை மணிக்கு, அன்றைக்குத் தனக்குச் சவாரி இருக்கும், பையன் தனியாக வந்தால் பரவாயில்லையா என்று கேட்டார்.